பல் பிடுங்கிய பிறகு தந்த குளிசைகள்: பால் கொடுப்பதற்கு நேரம் பார்க்க வேண்டுமா?

களுதாவளைத் தாய்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைக்கு இரண்டு மாதம், நிறை நாலரைக் கிலோ, தாய்ப்பால் மட்டும்தான். நேற்றுக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். சீழ் பிடித்திருந்தது. துண்டில் நான்கு மருந்து எழுதியிருக்கிறார்கள்: அமொக்சிசிலின் 500, மெட்ரோனிடசோல் 400, டைக்குளோபெனாக் 50, வலி தாங்க முடியாவிட்டால் மட்டும் டிரமடோல் 50. முதல் இரண்டும் நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். பால் கொடுக்கும் தாய் என்று பல் வைத்தியரிடம் சொல்ல மறந்துவிடவில்லை, ஆனால் அங்கே சனம் நிறைய, அவர் கேட்டாரோ தெரியாது.

பாமசியில் நின்ற தம்பி மெட்ரோனிடசோல் பெட்டிக்குள் இருந்த தாளைக் காட்டி, ஐந்து நாளும் பாலை நிறுத்திப் பால்மா கொடுங்கள் என்றார். அம்மா சொல்கிறா, குளிசை குடித்ததும் ஒருதரம் பீச்சி ஊற்றிவிட்டுக் கொடு என்று. கணவர் சொல்கிறார், பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு குளிசையைக் குடி, அடுத்த பாலுக்குள் மருந்து போய்விடும் என்று. மூன்று பேர் மூன்று கதை. இரவு முழுக்க வலியோடு ஒரு குளிசையும் குடிக்காமல் இருந்தேன். எது சரி?

வாவிக்கரை

தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. எங்கள் மகன் பிறந்த நேரம் நானும் நிறைய வாசித்தேன். குளிசை குடித்து ஒன்று இரண்டு மணித்தியாலத்தில்தான் இரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும். பிறகு இறங்கும். ஆகவே பால் கொடுத்து முடிந்ததும் குடிப்பது, நாலு மணித்தியாலம் கழித்து அடுத்த பால். இடையில் மார்பில் சேரும் பாலைப் பீச்சி ஊற்றிவிட வேண்டும். அதில்தான் மருந்து தேங்கி நிற்கும். அதை எடுத்துவிட்டால் புதிதாக ஊறுவது சுத்தமான பால். எந்த மருந்துக்கும் இந்த முறை பொருந்தும்.

பாண்டிருப்பு ராணி

குளிசை குடித்தால் பால் வற்றுவது உண்மைதான் மகள். எனக்கும் மூன்றாவது பிள்ளைக்கு அப்படித்தான் வந்தது. பயப்பட வேண்டாம். பால்சுறா வாங்கிப் புட்டாக அவித்துச் சாப்பிடுங்கள், உள்ளியும் கூடப் போடுங்கள். முருங்கையிலையும் நல்லது. மூன்று நாளில் பால் கட்டும்.

சம்மாந்துறை உம்மா

ராணி அக்கா, அவ கேட்டது பால் குறைவதைப் பற்றி இல்லை, மருந்து பாலுக்குள் போவதைப் பற்றி.

என்ட கதையைச் சொல்கிறேன். போன மழைக்காலம் எனக்கு இழுப்பு மோசமாகி, பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், காலையில் ஒரே தரம் தந்தார்கள். வாட்டில் இருந்த டொக்டர் சொன்னது, குடித்து நாலு மணித்தியாலம் கழித்துப் பால் கொடுங்கள் என்று. நான் விடிய எழும்பிப் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் குளிசையைக் குடிப்பேன். அவன் தூங்குவான். எழும்பும் நேரம் நாலு மணித்தியாலம் ஓடியிருக்கும். ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

அக்கரைப்பற்று மருந்தாளர்

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். மகள், முதலில் உங்களுக்கு ஒரு வேலை: டிரமடோலைத் தனியே எடுத்து வையுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்ற மூன்றையும் எழுதியபடி குடித்துக்கொண்டு, பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. அதோடு இன்றைக்கே பல் வைத்தியருக்கு அழைத்து, பிள்ளையின் வயதையும் நிறையையும் சொல்லி உறுதிப்படுத்துங்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வாவிக்கரைத் தம்பி சொன்னதில் பாதி சரி. மருந்து உச்சத்துக்குப் போய் இறங்குவது உண்மை. ஆனால் மார்புப் பாலில் மருந்து தேங்கி நிற்பதில்லை. பால் ஊறும் கலங்களுக்கு ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் பால். பெரும்பாலான மருந்துகள் அந்தச் சுவரை இரண்டு பக்கமாகவும் கடக்கும். இரத்தத்தில் அளவு ஏறும்போது பாலுக்குள் வரும், இரத்தத்தில் இறங்கும்போது பாலிலிருந்து இரத்தத்துக்கே திரும்பும். எங்கள் முகத்துவாரம் வெட்டியிருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள்: கடல் வற்றினால் வாவித் தண்ணீர் தானாக வெளியே ஓடும், கடல் உயர்ந்து நிற்கும்போது வாவியை வாளியால் இறைத்துப் பயன் இல்லை. குளிசை குடித்து ஒரு மணித்தியாலத்தில் பீச்சி ஊற்றினால், அடுத்து ஊறும் பாலிலும் அதே அளவு மருந்துதான் இருக்கும். சாராயம் குடித்தவருக்கும் இதே விதிதான். பீச்சுவதால் பால் சீக்கிரம் சுத்தமாவதில்லை.

அப்போது கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த பாலுக்குள் இரத்தத்தில் மருந்து இறங்குமா? அதற்கு அந்த மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க வேண்டும். டைக்குளோபெனாக் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகும். எட்டு மணித்தியாலத்தில் பதினாறில் ஒரு பங்கு. இதற்கு நேரம் பார்த்தால் வேலை செய்யும். ஆனால் டைக்குளோபெனாக் இரத்தப் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒட்டிக்கொண்டது பாலுக்குள் வர முடியாது. உச்சத்தில் இருக்கும் நேரமே பாலில் மிகக் கொஞ்சம்தான். ஆகவே நேரம் பார்க்கத் தேவையில்லை. அமொக்சிசிலினும் அப்படித்தான், சீக்கிரம் போய்விடும், பாலில் வருவதும் குறைவு.

மெட்ரோனிடசோல் வேறு மாதிரி. அது புரதத்தில் அதிகம் ஒட்டாது, இரத்தத்தில் எவ்வளவோ பாலிலும் ஏறத்தாழ அவ்வளவு. பாதியாகக் குறைய எட்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும். நீங்கள் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் குடிக்கிறீர்கள். அதாவது பழைய குளிசை பாதி இருக்கும்போதே அடுத்தது உள்ளே போகிறது. இரண்டாம் நாளுக்குப் பிறகு உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் இரண்டு மடங்கு வித்தியாசம்தான். இரண்டு மாதப் பிள்ளை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் குடிக்கும். ஒரு பாலை நேரம் பார்த்துக் கொடுத்தாலும் மற்றப் பால்கள் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் விழும். நாள் முழுக்கக் கூட்டினால் கணக்கு மாறாது. உங்கள் கணவரின் முறை இந்தக் குளிசையில் பிள்ளைக்கு ஒன்றும் மிச்சம் பிடிக்காது.

களுதாவளைத் தாய்

காக்கா, மிக்க நன்றி. ஆனால் இப்போது கூடப் பயமாக இருக்கிறது. நேரம் பார்த்தும் பயன் இல்லை, இரத்தத்தில் உள்ள அளவே பாலிலும் என்றால் பாமசித் தம்பி சொன்னதுதானே சரி?

அக்கரைப்பற்று மருந்தாளர்

அளவைப் பார்ப்போம் மகள். 400 மில்லிகிராம் மூன்று வேளை குடிக்கும் தாயின் பாலில் ஒரு லீற்றருக்கு 15 மில்லிகிராம் அளவில் இருக்கும். பிள்ளை ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றில் 150 மில்லிலீற்றர் குடிக்கும் என்று எடுப்பது வழக்கம். நாலரைக் கிலோவுக்கு 675 மில்லிலீற்றர். அதில் மருந்து 10 மில்லிகிராம். பிள்ளையின் ஒரு கிலோவுக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல்.

இதை இரண்டு விதமாக ஒப்பிடலாம். தாயின் பக்கம்: நீங்கள் 55 கிலோ என்று வைத்தால், 1200 மில்லிகிராம் என்பது உங்கள் ஒரு கிலோவுக்கு 22 அளவில். பிள்ளைக்குப் போவது அதில் பத்திலொன்று. பத்திலொன்றுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருந்துகளுக்குப் பயமில்லை என்று எடுப்பார்கள், ஆக இது கோட்டில் நிற்கும் மருந்து. பிள்ளையின் பக்கம்: இதே மருந்தைச் சின்னப் பிள்ளைகளுக்கே வைத்தியத்துக்குக் கொடுப்பதுண்டு. அப்போது கிலோவுக்கு ஒரு நாளில் 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். உங்கள் பாலால் போவது அதில் ஒரு சிறு பங்கு.

பெட்டித் தாள் ஏன் நிறுத்தச் சொல்கிறது என்றால், எலிகளுக்கு அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்த பரிசோதனைகளில் கட்டிகள் வந்தன. மனிதரில் அப்படி உறுதியாகவில்லை, ஆனால் கம்பனி தன் தாளில் அதை எழுதியே வைக்கும். பாமசியில் நிற்கிறவர் தாளைப் பார்த்துச் சொல்கிறார், அவரில் பிழை சொல்ல மாட்டேன். பல நாடுகளின் நடைமுறை வழிகாட்டிகள் 400 மில்லிகிராம் வேளைகளுக்குப் பால் நிறுத்தச் சொல்வதில்லை.

செங்கலடி மிஸ்ஸி

நான் களத்தில் வேலை செய்யும் குடும்பநல மாது. காக்கா சொன்ன கணக்கோடு எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் நாங்கள் வீட்டில் பார்ப்பது வேறு. ஐந்து நாள் பால்மா என்று தொடங்கும் வீட்டில் ஆறாம் நாள் பிள்ளை மார்பைப் பிடிப்பதில்லை, தாய்க்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வரும், மறுகா கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்மாவால் வயிற்றோட்டம். அந்த ஆபத்தையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும்.

அதே நேரம் மெட்ரோனிடசோல் குடிக்கும் தாய்மார் சிலரின் பிள்ளைகளுக்கு மலம் இளகிப் போவதையும், வாயில் வெண்மை படிந்து மார்பைப் பிடித்த கையோடு விட்டுவிடுவதையும் கண்டிருக்கிறேன். வெண்மை படிந்தால் துடைத்துப் பாருங்கள், பால் என்றால் போய்விடும், போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். அது பங்கசு, மருந்து போட்டால் மாறும். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, இந்தக் குளிசை பாலில் கசப்பைத் தரும் என்று சொல்வார்கள். சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பும், பல பிள்ளைகள் ஒன்றும் கண்டுகொள்ளாது.

வாவிக்கரை

காக்கா, பீச்சுவதைப் பற்றிச் சொன்னது விளங்குகிறது. ஆனால் சம்மாந்துறை அக்காவுக்கு டொக்டரே நாலு மணித்தியாலம் சொல்லியிருக்கிறாரே. அப்படியென்றால் நேரம் பார்ப்பதும் ஒரு முறைதானே? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இதே மெட்ரோனிடசோலுக்கே 12 மணித்தியாலம் நிறுத்தச் சொன்னார்கள்.

அக்கரைப்பற்று மருந்தாளர்

நல்ல கேள்வி தம்பி. இரண்டும் சரிதான், எந்த இடத்தில் என்பதுதான் விஷயம்.

சம்மாந்துறை மகளுக்கு மருந்து நாளுக்கு ஒருதரம், அதுவும் கூடிய அளவு. பிரெட்னிசலோன் ஒரு மணித்தியாலம் அளவில் பாலில் உச்சம் தொடும், சில மணித்தியாலங்களில் நன்றாக இறங்கிவிடும், பிறகு அடுத்த நாள் காலைவரை ஏறாது. அங்கே ஒரு தாழ்வான இடம் உண்மையாகவே இருக்கிறது, பாலை அந்த இடத்தில் வைக்கலாம். பாலில் வருவது குறைவு என்பதால் அதுவும் கூடுதல் பாதுகாப்புக்குத்தான். வழக்கமாக இழுப்புக்குத் தரும் 30 மில்லிகிராமுக்கு நேரம் பார்க்கவே தேவையில்லை.

நீங்கள் சொல்லும் பெண்ணுக்குத் தந்தது 2 கிராமை ஒரே தரம் குடிக்கும் முறையாக இருக்க வேண்டும். வெள்ளைபடுதலுக்குக் காரணமான சில தொற்றுகளுக்கு அப்படிக் கொடுப்பதுண்டு. அது ஐந்து குளிசையை ஒன்றாக விழுங்குவதற்குச் சமம், உச்சம் மிக உயரம், ஆனால் மறு குளிசை இல்லை. 12 மணித்தியாலத்தில் மூன்றில் ஒரு பங்காகும், 24 மணித்தியாலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே 12 முதல் 24 மணித்தியாலம் விடச் சொல்வார்கள். அதற்கு முன்கூட்டியே பீச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பாலைச் சிறு கோப்பையால் கொடுக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் பால் நேரத்துக்குப் பீச்ச வேண்டும், ஆனால் அது மார்பு கட்டாமல், சுரப்புக் குறையாமல் இருக்கத்தான். அந்தப் பாலை ஊற்றிவிட வேண்டும்.

பாருங்கள், மெட்ரோனிடசோல் என்ற ஒரே மருந்துதான். ஒரு முறையில் நேரம் பார்ப்பது பயன், மற்ற முறையில் பயன் இல்லை. அதனால்தான் மருந்தின் பெயரை மட்டும் கேட்டு யாரும் பதில் சொல்லக்கூடாது என்கிறேன். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்காத பதிலை நம்ப வேண்டாம்.

ராணி தங்கச்சி சொன்னதையும் தள்ளிவிட முடியாது. பாலைக் குறைக்கும் மருந்து உண்டு. தடிமனுக்குத் தரும் சில குளிசைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் ஒரே ஒரு வேளையிலேயே அன்றைய பாலை நாலிலொரு பங்கு அளவுக்குக் குறைத்ததாக ஆராய்ச்சி உண்டு. இந்தத் துண்டில் அப்படி எதுவும் இல்லை.

கல்லாறு மருமகள்

நானும் ஒன்று கேட்கலாமா? மாமி பிள்ளை பெற்ற காலம் தொட்டு வெற்றிலை போடுவா. எனக்கும் மூன்றாவது மாதத்திலிருந்து பழக்கமாகிவிட்டது. புகையிலையும் சேர்த்துத்தான். நாளுக்கு ஆறேழு வாய் போகும். பால் கொடுத்த பிறகு போட்டால் போதுமா? காக்காவின் கணக்குப்படி நிக்கோட்டின் சீக்கிரம் இறங்கும்தானே.

அக்கரைப்பற்று மருந்தாளர்

இறங்கும் மகள், பாலில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் பாதியாகும். அதனால்தான் சுருட்டோ சிகரெட்டோ விட முடியாதவர்களுக்குப் பால் கொடுத்த பிறகு குடிக்கச் சொல்வது. ஆனால் சிகரெட் சில நிமிடத்தில் முடிந்துவிடும். புகையிலை வாயில் அரை மணித்தியாலம் கிடக்கும், கிடக்கும்வரை ஊறும், விழுங்கும் எச்சிலிலும் போகும். நாளுக்கு ஆறேழு வாய் என்றால் இறங்குவதற்கு இடைவெளியே இல்லை. எட்டு மணித்தியாலக் குளிசையைப் போலத்தான் ஆகிவிடுகிறது. அதோடு பால் இரத்தத்தைவிடச் சற்று அமிலப் பக்கம், நிக்கோட்டின் காரப் பக்கம். காரமானது பாலுக்குள் வந்தால் அங்கேயே சிக்கும். இரத்தத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்கு பாலில் காணப்படும். புகையிலையை விட்டுவிடுங்கள். முடியாத நாளில் பிள்ளையின் இரவு நீண்ட தூக்கத்துக்கு முன் ஒரு வாயோடு நிறுத்துங்கள்.

சம்மாந்துறை உம்மா

காக்கா, டிரமடோல்? தனியே எடுத்து வைக்கச் சொன்னீர்கள், மறந்துவிட்டீர்கள்.

அக்கரைப்பற்று மருந்தாளர்

மறக்கவில்லை. சராசரிக் கணக்கில் பார்த்தால் டிரமடோல் மெட்ரோனிடசோலைவிடக் குறைவாகத்தான் பாலுக்குப் போகிறது, பத்திலொன்றுக்கு நன்றாகக் கீழே. ஆனால் இங்கே சராசரி உதவாது. டிரமடோலும் கோடீனும் ஈரலில் மாறித்தான் வலுவான மருந்தாகின்றன. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மிக வேகமாக வேலை செய்யும். அப்படிப்பட்ட தாய் சாதாரண அளவைக் குடித்தாலும் இரத்தத்திலும் பாலிலும் வலுவான மருந்து கூடும். யார் அப்படி என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. சின்னப் பிள்ளையின் மூச்சை அது மந்தமாக்கும். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்த இரண்டையும் தவிர்க்கச் சொன்னது இதனால்தான்.

பாரசிட்டமோல் இரண்டு குளிசை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், டைக்குளோபெனாக் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டும் சேர்ந்தால் பல் பிடுங்கிய வலி பெரும்பாலானவர்களுக்கு அடங்கும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரக வருத்தமோ இருந்தால் டைக்குளோபெனாக்குக்கு முன் கேளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரமடோலை நீங்களாகத் தொடாமல் வைத்தியரிடம் போங்கள், குழி காய்ந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. எப்போதாவது இந்த வகை மருந்து குடிக்க நேர்ந்து, பிள்ளை வழமைக்கு மாறாகத் தூங்கினால், பாலுக்கு எழுப்ப முடியாவிட்டால், கை கால் துவண்டால், மூச்சு மெதுவாக வந்தால், அடுத்த பாலுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு.

செங்கலடி மிஸ்ஸி

இதில் நான் சற்று வித்தியாசப்படுகிறேன். பெரிய சத்திரசிகிச்சை முடிந்த தாய்க்கு ஓரிரு வேளை வாட்டில் கண்காணிப்போடு கொடுத்துப் பாலும் கொடுக்கிறார்கள், வலியோடு கிடக்கும் தாயால் பிள்ளையைப் பிடிக்கவும் முடியாது. எல்லா இடத்திலும் கூடவே கூடாது என்பது கடுமையாகப் படுகிறது. வீட்டில், யாரும் பார்க்காத இரவில் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அக்கரைப்பற்று மருந்தாளர்

வாட்டைப் பற்றி வாட்டில் இருக்கிறவர்கள் முடிவெடுக்கட்டும் மிஸ்ஸி. வீட்டுக்குக் கொடுத்துவிடும் துண்டில் அது இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

களுதாவளைத் தாய்

பல் வைத்தியருடன் கதைத்தேன். டிரமடோலை வெட்டிவிட்டார், பாரசிட்டமோல் சேர்த்தார். மெட்ரோனிடசோல் தொடரட்டும், பாலும் தொடரட்டும் என்றார். இன்றைக்கு மூன்றாம் நாள். வீக்கம் வற்றுகிறது. பிள்ளைக்கு நேற்றிலிருந்து மலம் கொஞ்சம் தண்ணியாகப் போகிறது, ஆனால் வடிவாகக் குடிக்கிறாள், சிறுநீரும் போகிறது. வாயில் வெண்மை இல்லை. பெட்டித் தாளை அம்மாவுக்கு இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை, ஒவ்வொரு பாலுக்கும் முன் ஒருதரம் பீச்சச் சொல்லிக்கொண்டே இருக்கிறா.

வாழைச்சேனைத் தந்தை

இதை வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பிள்ளை எட்டு மாதத்தில் பிறந்தவன், இப்போது மூன்று வாரம், நிறை இரண்டு கிலோவுக்குக் கீழே. மனைவிக்கும் இதே மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார்கள், காயத்தில் தொற்று. இந்தக் கணக்கை எங்களுக்கும் எடுக்கலாமா?

அக்கரைப்பற்று மருந்தாளர்

எடுக்க வேண்டாம் மகன். நான் போட்ட கணக்கு பிள்ளைக்கு எவ்வளவு போகிறது என்பதற்கு மட்டும்தான். அதைப் பிள்ளை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது நிறை மாதத்தில் பிறந்த இரண்டு மாதப் பிள்ளைக்கு ஒன்று, மாதம் நிறையாமல் பிறந்த மூன்று வாரப் பிள்ளைக்கு வேறு. ஈரல் முதிராத பிள்ளையில் மெட்ரோனிடசோல் பாதியாகக் குறைய பெரியவரைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், ஒவ்வொரு பாலோடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடம் துண்டைக் காட்டி, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். அதுவரை மனைவி நேரத்துக்கு நேரம் பீச்சட்டும், சுரப்பு நின்றுவிடக்கூடாது. குளிசை தொடங்குவதற்கு முன் பீச்சிய பால் வைத்திருந்தால் அதைக் கொடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பார்க்கிறீர்கள்? நாளைக்கு அந்தக் கிளினிக் உண்டா?

வாழைச்சேனைத் தந்தை

வியாழன்தான் கிளினிக். ஆனால் வாட்டு நம்பர் தந்திருக்கிறார்கள். இப்போதே எடுக்கிறேன்.